கனத்தவர் முதலில்: இருவர் ஏறும் படகின் கணக்கு

கரையில் சிலர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரின் எடையும் நமக்குத் தெரியும். படகுகள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், எல்லாம் ஒரே அளவு. ஒரு படகு குறிப்பிட்ட எடைக்கு மேல் தாங்காது. எடை இடம் கொடுத்தாலும் இருவருக்கு மேல் ஏறக்கூடாது. எல்லாரையும் ஏற்றக் குறைந்தபட்சம் எத்தனை படகுகள் வேண்டும்?

மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இது நன்கு பழகிய கணக்கு. லீட்கோட் தளத்தில் 881ஆம் எண்ணில் இருக்கிறது. அங்கே ஆட்கள் 50,000 பேர் வரை, படகின் எடை வரம்பு 30,000 வரை. இதே கணக்கு வேறு வேடங்களிலும் வருகிறது. பின்லாந்தின் சிஎஸ்இஎஸ் பயிற்சித் தொகுப்பில் படகுக்குப் பதில் ராட்டினம். ஒரு பெட்டியில் அதிகபட்சம் இரண்டு குழந்தைகள். சீனாவில் பள்ளி மாணவர்களுக்கான தேசிய நிரலாக்கப் போட்டியின் 2007ஆம் ஆண்டு இளநிலைத் தாளில் ஆட்களும் இல்லை, எடையும் இல்லை. புத்தாண்டு விழாவில் கொடுக்கும் பரிசுப் பொருட்களை அதிகபட்சம் இரண்டிரண்டாகக் கட்ட வேண்டும், ஒரு கட்டின் விலை வரம்பைத் தாண்டக்கூடாது. வேடம் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்.

நிஜக் கப்பல்களில் உயிர்காப்புப் படகுக்கு யாரும் தராசு வைத்து ஆட்களை நிறுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடலாம். சர்வதேச விதிகள் பயணிகள் கப்பலின் படகுக்கு ஓர் ஆள் 75 கிலோ என்றும், சரக்குக் கப்பலின் படகுக்கு 82.5 கிலோ என்றும் சராசரி எடையை வைத்துக்கொண்டு, இத்தனை பேர் என்று முன்கூட்டியே எழுதிவிடுகின்றன. ஆகவே நம் கேள்வி கடலிலிருந்து வந்ததல்ல, காகிதத்தில் பிறந்தது. பொருட்களைப் பெட்டிகளில் அடுக்கும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. இது அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. அண்ணன்மார் எல்லாரும் முரடர்களாக இருக்க, இது மட்டும் ஏன் இவ்வளவு சாது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

விடையைப் பலரும் மனப்பாடமாகவே சொல்வார்கள்: எடைவாரியாக வரிசைப்படுத்து, இரு முனையிலும் ஒவ்வொரு சுட்டி வை, லேசானவரும் கனத்தவரும் சேர்ந்து போக முடிந்தால் இருவரையும் அனுப்பு, முடியாவிட்டால் கனத்தவரை மட்டும் தனியாக அனுப்பு. பைத்தானில் பத்து வரிக்குள் அடங்கிவிடும்.

```python
def boats(w, limit):
    w = sorted(w)
    i, j = 0, len(w) - 1
    count = 0
    while i <= j:
        if w[i] + w[j] <= limit:
            i += 1
        j -= 1
        count += 1
    return count
```

ஒன்பது பேரை வைத்து நடத்திப் பார்ப்போம். எடைகள் 42, 45, 52, 60, 68, 75, 90, 112, 120. படகு தாங்குவது 150 கிலோ. முதலில் 120. இருப்பவரில் லேசானவர் 42, சேர்த்தால் 162. லேசானவரோடே முடியவில்லை என்றால் வேறு யாரோடும் முடியாது, ஆகவே 120 தனிப் படகில் போகிறார். அடுத்து 112, 42-ஐச் சேர்த்தால் 154, இவரும் தனி. 90-உம் 42-உம் 132, சேர்ந்து போகலாம். 75-உம் 45-உம் 120. 68-உம் 52-உம் அதே 120. மிஞ்சுவது 60, அவருக்கு ஒரு படகு. மொத்தம் ஆறு.

நிரலில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஒவ்வொரு சுற்றிலும் `j` கட்டாயம் ஒரு படி இறங்குகிறது, `i` மட்டும் இடம் கிடைத்தால்தான் ஏறுகிறது. எந்தப் படகிலும் அப்போதைய கனத்த ஆள் ஒருவர் இருப்பார். கூட ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சுற்றுகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையைத் தாண்டாது என்பதால் செலவெல்லாம் வரிசைப்படுத்துவதில்தான். எடைகள் 30,000-க்குள் அடங்கும் முழு எண்கள் என்றால் அந்தச் செலவையும் குறைக்கலாம். ஒவ்வொரு எடையிலும் எத்தனை பேர் என்று ஒரு பட்டியலில் எண்ணி வைத்துக்கொண்டால், ஒருவரையொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் வேலையே தேவையில்லை.

இது ஏன் சரி? பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், கனத்தவருக்கு மிக லேசானவரைத் துணையாகக் கொடுப்பது சிக்கனம் என்பது. கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் அது காரணமில்லை என்பது என் கட்சி. இந்த முறையின் உயிர் லேசானவரைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை, கனத்தவரிடமிருந்து தொடங்குவதில் இருக்கிறது. கனத்தவரோடு சேர்ந்து போகக்கூடிய யாரை வேண்டுமானாலும் அவருக்குத் துணையாக்கலாம். படகு ஒன்றுகூட அதிகமாகாது.

இதை நிரூபிப்பது கடினமில்லை. யாரோ ஒருவர் மிகக் குறைந்த படகுகளில் எல்லாரையும் ஏற்றி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இருப்பவர்களிலேயே கனத்தவர் கந்தன். கந்தனோடு போகக்கூடியவர்களில் யாரோ ஒருவரை, முருகன் என்று வைத்துக்கொள்வோம், நாம் துணையாகத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த ஏற்பாட்டில் கந்தன் வேறொருவரோடு, சேகரோடு, இருக்கிறார். முருகன் வேலுவோடு இருக்கிறார். இப்போது சேகரையும் முருகனையும் இடம் மாற்றுகிறோம். கந்தனும் முருகனும் சேர்ந்து போகலாம் என்பது முன்பே தெரியும். சேகரும் வேலுவும்? சேகரைக் கந்தனோடு தாங்கிய படகு வேலுவோடும் தாங்கும், ஏனென்றால் வேலு கந்தனைவிடக் கனமில்லை. படகு எண்ணிக்கை மாறவில்லை. முருகன் தனியாக இருந்திருந்தால், இடம் மாறிய பின் சேகர் தனியாவார், அப்போதும் எண்ணிக்கை அதேதான். கந்தன் அந்த ஏற்பாட்டில் தனியாக இருந்திருந்தால் இன்னும் எளிது. முருகனைக் கந்தன் படகுக்கு மாற்றினால் வேலு தனியாவார். படகு அதே எண்ணிக்கைதான். முருகனும் தனியாக இருந்திருந்தால் ஒரு படகு குறைந்தே போகும், ஆனால் ஏற்கனவே மிகக் குறைந்த ஏற்பாடு என்பதால் அதற்கு வாய்ப்பில்லை. ஆகவே நம் தேர்வை ஒட்டிய, அதே அளவு நல்ல ஏற்பாடு ஒன்று எப்போதும் உண்டு. அந்த இருவரையும் அனுப்பிவிட்டு, மிச்சம் இருப்பவர்களிடம் இதே வாதத்தைத் திரும்பவும் நடத்தலாம்.

இந்த வாதத்தில் முருகன் மிக லேசானவர் என்பது எங்கேயுமே தேவைப்படவில்லை. கந்தன் மிகக் கனத்தவர் என்பதுதான் தேவைப்பட்டது. பிறகு ஏன் எல்லாரும் லேசானவரைத் தேடுகிறார்கள்? தேட வேண்டியதில்லை என்பதால்தான். அவர் வரிசையின் முதல் முனையில் நிற்கிறார், சுட்டியை வைத்தால் போதும். அவரோடு முடியாவிட்டால் யாரோடும் முடியாது என்ற சோதனையும் அதே கூட்டலில் முடிந்துவிடுகிறது. அது நிரல் எழுதுபவரின் வசதி, கணக்கின் கட்டாயம் அல்ல.

அதே ஒன்பது பேரை வேறு மாதிரி ஏற்றிப் பார்க்கலாம். இம்முறை கனத்தவருக்கு, அவரோடு போகக்கூடியவர்களிலேயே மிகக் கனமானவரைத் துணையாக்குவோம். 120-உம் 112-உம் முன்போலவே தனித்தனி. 90-க்கு இடம் கொடுப்பவர்கள் 42, 45, 52, 60. மிகக் கனமானவர் 60, சரியாக 150. அடுத்து 75-உம் 68-உம் 143. பிறகு 52-உம் 45-உம் 97. கடைசியில் 42 தனி. மறுபடியும் ஆறு படகு.

எண்ணிக்கை ஒன்றுதான், படகுகளின் நிலை ஒன்றல்ல. முதல் முறையில் இருவர் ஏறிய படகுகள் 132, 120, 120 என்று ஏறக்குறைய சமமாகக் கனக்கின்றன. தனியாக மிஞ்சியவர் 60. இரண்டாவது முறையில் ஒரு படகு வரம்பைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆனால் தனியாக மிஞ்சியவர் 42. புறப்படும் நேரத்தில் 100 கிலோ ஆள் ஒருவர் ஓடி வந்தால் முதல் ஏற்பாட்டில் அவருக்குப் புதிய படகு தேவை, 60-உம் 100-உம் 160 ஆகிவிடும். இரண்டாவது ஏற்பாட்டில் 142, ஏறிக்கொள்ளலாம். படகு எண்ணிக்கை மட்டுமே கேட்கப்பட்டால் இரண்டும் சமம். அதற்கு மேல் ஏதேனும் கேட்கப்பட்டால் துணையை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பது பேசத் தொடங்குகிறது. பாடப்புத்தக விளக்கங்கள் இதைத் தொடாமலே போவது எனக்குக் குறையாகவே படுகிறது.

மறு முனையிலிருந்து தொடங்கினால் இந்தச் சுதந்திரம் கிடையாது. லேசானவர் இருவரை ஒன்றாக ஏற்றுவோம் என்று பலருக்கும் முதலில் தோன்றும். 40, 60, 90, 110 என்ற நால்வர், வரம்பு 150. 40-உம் 60-உம் ஒரு படகில் போய்விட்டால் 90-க்கும் 110-க்கும் ஆளுக்கொரு படகு, ஆக மூன்று. 110-க்கு 40, 90-க்கு 60 என்று ஏற்றியிருந்தால் இரண்டே போதும். லேசானவருக்கு எல்லாரும் பொருந்துவார்கள். அவரை எளிதில் பொருந்துகிறவருக்குக் கொடுத்துவிட்டால், அவரை நம்பியிருந்த கனத்தவர் கைவிடப்படுகிறார். கனத்தவருக்குக் கிடைக்கக்கூடிய துணைகள் குறைவு. அந்தச் சிலருக்கோ கந்தனோடு ஒத்துப்போகிறது என்றாலே மற்ற எவரோடும் ஒத்துப்போகும். இந்த ஒருபக்கச் சாய்வுதான் கணக்கை எளிதாக்குகிறது.

இனி, ஆறு என்ற விடை சரிதானா என்று நிரலை நம்பாமல் கையாலேயே சோதிக்க முடியுமா? முதலில் தோன்றும் சோதனைகள் போதாது. ஒன்பது பேரை இருவர் இருவராகப் பிரித்தால் ஐந்து படகு. மொத்த எடை 664 கிலோ, 150-ஆல் வகுத்தால் அதுவும் ஐந்துக்குள் அடங்கிவிடுகிறது. வரம்பில் பாதியான 75-ஐத் தாண்டியவர்கள் மூவர், அவர்களில் எந்த இருவரும் சேர முடியாது. அது குறைந்தது மூன்று படகு என்றுதான் சொல்கிறது. இவற்றில் எதுவுமே ஆறு என்று சொல்லவில்லை.

சொல்லும் சோதனை ஒன்று உண்டு. 75-க்கு மேற்பட்ட ஓர் எடையை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே 112. அந்த எடையும் அதற்கு மேலும் உள்ளவர்கள் இருவர், 112-உம் 120-உம். அவர்களோடு போக வேண்டுமானால் 38 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. மற்ற ஏழு பேரும் 38-க்கு மேல். ஆகவே அந்த இருவரின் படகுகளில் இந்த ஏழு பேரில் ஒருவரும் ஏற முடியாது. அவர்கள் தங்களுக்குள்ளேயே இரண்டிரண்டாகப் போக வேண்டும், அதற்குக் குறைந்தது நான்கு படகுகள். இரண்டும் நான்கும் ஆறு. எந்தச் சாமர்த்தியத்தாலும் ஐந்தாக்க முடியாது என்பது இதோடு முடிந்தது. அளவுகோலை 90 என்று வைத்தால் மூன்று கனத்தவர்கள். 60-க்கு மேல் 90-க்குள் உள்ளவர்கள் 68, 75 என்று இருவர், அவர்களுக்கு ஒரு படகு. மொத்தம் நான்குதான் வரும். எந்த அளவுகோலில் எண் மிகப் பெரிதாகிறதோ அங்கேதான் நெருக்கடி இருக்கிறது.

இந்தச் சோதனை நிரலின் பிழைகளைப் பிடிக்கவும் உதவும். எல்லாருக்கும் நேரும் பிழை `while i <= j` என்பதற்குப் பதில் `while i < j` என்று எழுதுவது. நம் உதாரணத்தில் 68-உம் 52-உம் போன பிறகு இரு சுட்டிகளும் 60 மேலேயே வந்து நிற்கின்றன. சுற்று அங்கேயே நின்றுவிடும், விடை ஐந்து. 60 கிலோ ஆள் கரையிலேயே நிற்கிறார். ஐந்து என்பது ஒன்பதில் பாதியை மேல்நோக்கி முழுதாக்கிய எண்தான், மொத்த எடையும் அதையே சொல்கிறது, ஆகவே பார்த்தவுடன் சந்தேகம் வராது. 112-ஐ வைத்து எண்ணினால்தான் பொய் தெரியும்.

இன்னொன்று ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர்களைப் பிடிக்கும். அந்த மொழியில் வெறும் `sort()` எண்களைக்கூட எழுத்துகளாகப் பார்த்து அகராதி வரிசையில் வைக்கும். நம் ஒன்பது பேரும் 112, 120, 42, 45, 52, 60, 68, 75, 90 என்று நிற்பார்கள். லேசானவர் நிற்க வேண்டிய முனையில் 112 நிற்கிறார். அவரோடு 42-உம் சேர முடியாது, 90-உம் முடியாது. ஒவ்வொருவராகத் தனியே அனுப்பப்பட்டு விடை ஒன்பது ஆகிவிடும். ஆட்களின் எண்ணிக்கையும் படகுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எல்லார் எடையும் இரண்டு இலக்கமாக இருக்கும்வரை இந்தப் பிழை வெளியே தெரியாது. மருந்து `sort((a, b) => a - b)`.

மூன்றாவது பிழை சத்தமே இல்லாதது. வரம்பைவிடக் கனமான ஆள் ஒருவர் பட்டியலில் இருந்தால், மேலே கண்ட நிரல் அவரையும் தனிப் படகில் ஏற்றி எண்ணிவிடும். படகு மூழ்குவதை அது கவனிக்காது. லீட்கோட் கணக்கில் அப்படி ஒருவர் வரமாட்டார் என்று நிபந்தனையே இருக்கிறது. வேறு இடத்தில் இதைப் பயன்படுத்தினால் முதல் வேலையாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நிபந்தனைகளை மாற்றினால் என்ன ஆகும்? முதல் மாற்றம், சிலர் சிலரோடு போக மறுக்கிறார்கள். நால்வரும் 60 கிலோ, எடையால் எந்தத் தடையும் இல்லை. ஆனால் கந்தன் முருகனோடும் சேகரோடும் போவார். முருகன் கந்தனோடு மட்டும்தான் போவார். வேலு சேகரோடு மட்டும்தான் போவார். கந்தனைச் சேகரோடு அனுப்பினால் முருகனும் வேலுவும் தனித்தனி, மூன்று படகு. கந்தனை முருகனோடும் சேகரை வேலுவோடும் அனுப்பினால் இரண்டு. கனத்தவரோடு போகிறவர் யாரோடும் போவார் என்ற விதி இங்கே உடைந்துவிட்டது, அதோடு நம் நிரூபணமும் உடைந்தது. ஆனாலும் கை விரிக்க வேண்டியதில்லை. படகுகளின் எண்ணிக்கை என்பது ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து ஜோடிகளின் எண்ணிக்கையைக் கழித்தது. ஆகவே கேள்வி, அதிகபட்சம் எத்தனை ஜோடிகள் சேர்க்க முடியும் என்பதாகிறது. எந்தவிதமான ஒத்துப்போதல் பட்டியலுக்கும் இதை விரைவாகக் கண்டுபிடிக்கும் வழியை ஜாக் எட்மண்ட்ஸ் 1965இல் கொடுத்தார். இரு சுட்டி முறையைவிட அது எத்தனையோ மடங்கு சிக்கலானது, நிரலும் நீளமானது. ஆனால் ஆட்கள் கூடும்போது வேலை வெடித்துப் பெருகிவிடாது.

இரண்டாவது மாற்றம், படகில் மூவர் ஏறலாம். ஒரே ஒரு எண் மாறுகிறது, எல்லாம் தலைகீழாகிறது. 50, 40, 35, 30, 25, 20 என்ற ஆறு பேர், வரம்பு 100. 50, 30, 20 ஒரு படகு. 40, 35, 25 இன்னொரு படகு. இரண்டுமே சரியாக 100, இரண்டு படகு போதும். நம் முறையை நீட்டிப் பார்ப்போம். 50-க்கு மிக லேசான இருவரான 20-ஐயும் 25-ஐயும் கொடுத்தால் 95. மிஞ்சிய 40, 35, 30 சேர்ந்தால் 105, ஒரே படகில் போகாது, மொத்தம் மூன்று. கனமான துணையைக் கொடுத்துப் பார்த்தால் 50-உம் 40-உம் 90. மீதி 10 கிலோவில் யாரும் ஏற முடியாது. 35, 30, 25 இன்னொரு படகு, 20 தனியாக, மறுபடியும் மூன்று. இருவர் படகில் சமமாக நின்ற இரண்டு வழிகளும் இங்கே ஒன்றாகத் தோற்கின்றன. காரணம் இடம் மாற்றும் வாதத்தில் இருக்கிறது. மூவர் படகில் ஒருவரை எடுத்து இன்னொருவரை வைக்கும்போது ஒருவரையொருவர் ஒப்பிட்டால் போதாது, மிச்சமிருக்கும் இருவரின் கூட்டுத்தொகையும் குறுக்கே வருகிறது.

இது நம் முறையின் குறைபாடு மட்டுமல்ல. எண்களை மும்மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வரவைக்க முடியுமா என்ற கணக்கை கேரியும் ஜான்சனும் கடினமான கணக்குகளின் பட்டியலில் சேர்த்தார்கள். 1979இல் வந்த அவர்களுடைய நூலில் அது முக்கியமான இடத்தில் இருக்கிறது. எல்லா உள்ளீட்டுக்கும் விரைவாகச் சரியான விடை தரும் வழி அதற்கு இன்றுவரை யாரிடமும் இல்லை. மூவர் படகுக் கணக்குக்குள் அந்தக் கணக்கு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆள் எண்ணிக்கை வரம்பையே எடுத்துவிட்டு எடையை மட்டும் வைத்தாலும் அதே கடினம்தான். அங்கே நடைமுறையில் எல்லாரும் செய்வது, கனத்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரையும் இடமிருக்கும் முதல் படகில் ஏற்றுவது. இதனால் வரும் எண்ணிக்கை, மிகச் சிறந்த விடையின் ஒன்பதில் பதினொரு பங்கோடு ஒன்றுக்கும் குறைவான ஒரு சிறு மிச்சத்தைக் கூட்டினால் வருவதைத் தாண்டாது என்று நிரூபித்திருக்கிறார்கள். கனத்தவர் முதலில் என்ற யோசனை அங்கேயும் பயன்படுகிறது, ஆனால் மிகச் சிறந்த விடை கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமல்.

மூன்றாவது மாற்றம், ஆட்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். வந்தவுடன் படகில் இடம் சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்றக்கூடாது. வரிசைப்படுத்த வழியே இல்லை. வரம்பு 100, முதலில் 40 கிலோ ஆட்கள் இருவர் வருகிறார்கள். இருவரையும் ஒரு படகில் ஏற்றினால், அடுத்து 60 கிலோ ஆட்கள் இருவர் வரும்போது அவர்களுக்குத் தனித்தனியாக இரண்டு படகு வேண்டும், மொத்தம் மூன்று. முன்பே தெரிந்திருந்தால் இரண்டில் முடிந்திருக்கும். 60 வரக்கூடும் என்று பயந்து 40-களைத் தனித்தனிப் படகில் வைத்தால், அதன்பின் யாருமே வராமல் போகலாம். ஒரு படகு போதுமான இடத்தில் இரண்டு போகும். முதல் இருவரை எப்படி ஏற்றினாலும் அதைத் தவறாக்கக்கூடிய வரிசை ஒன்று இருக்கிறது. எதிர்காலம் தெரியாமல் எப்போதும் மிகக் குறைந்த எண்ணிக்கையைத் தரும் விதி இங்கே எதுவும் இருக்க முடியாது என்பதற்கு இந்த நால்வரே போதும்.